அழுத்திப் பிடித்தால் ஒரு வழி, மேலிருந்து இழுத்தால் இன்னொரு வழி

டீக்கடையில் இருபது ரூபாய் கொடுத்ததும் அதைச் செலவுக்கணக்கில் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பவர், போனைத் திறந்து, செயலியைத் தேடித் தட்டி, இந்த மாதக் கணக்கு வரும்வரை காத்திருந்து, கீழே இருக்கும் கூட்டல் குறியைத் தட்ட வேண்டும். அதற்குள் டீ ஆறிவிடும். இரண்டு மூன்று நாள் எழுதுவார், பிறகு விட்டுவிடுவார். செலவு எழுதுவதுதான் அந்தச் செயலியில் அடிக்கடி நடக்கும் வேலை என்றால், அதற்கு நேர்வழி ஒன்று போட்டுத் தருவது செயலியை எழுதியவரின் பொறுப்பு. ஆண்ட்ராய்டில் அதற்கு இரண்டு வசதிகள் உண்டு. இரண்டும் 2016-இல் வந்தவை.

ஒன்று, ஐகானை அழுத்திப் பிடித்தால் விரியும் ஷார்ட்கட் பட்டியல். குரோம் ஐகானை அழுத்திப் பிடித்தால் புதிய டேப் திறக்கும் வழி வருகிறதே, அதுதான். ஆண்ட்ராய்டு 7.1 முதல் எந்தச் செயலியும் இப்படிப் பட்டியல் வைக்கலாம். பெரும்பாலான போன்களில் நான்குதான் கண்ணில் படும். ஆகவே செலவுச் செயலிக்கு 'செலவு சேர்', 'வரவு சேர்', 'இன்றைய கணக்கு' என்ற மூன்றே போதும். அமைப்புகள் பக்கத்துக்கெல்லாம் இங்கே இடம் கொடுக்கக் கூடாது. பெயர் பத்து எழுத்துக்குள் அடங்கட்டும் என்பது கூகுள் சொல்லும் வழிகாட்டல். நீண்டால் பாதியில் வெட்டுப்படும்.

மாறாத ஷார்ட்கட்களை `shortcuts.xml` என்ற கோப்பில் எழுதி, அந்தக் கோப்பு இருக்குமிடத்தை `AndroidManifest.xml`-இல் இப்படிச் சொல்ல வேண்டும்:

```xml
<meta-data
    android:name="android.app.shortcuts"
    android:resource="@xml/shortcuts" />
```

ஐகானைத் தட்டினால் எந்த ஆக்டிவிட்டி திறக்கிறதோ, அதற்குள்தான் இந்த வரிகள் இருக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, பட்டியலும் வராது. அழுத்திப் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெயர்களை அந்தக் கோப்பிலேயே நேராக எழுதிவிடுவதும் பலர் செய்யும் தவறு. அவை சரங்களுக்கான கோப்பில் இருக்க வேண்டும். இங்கே அவற்றைச் சுட்டினால் மட்டுமே ஷார்ட்கட் ஏற்கப்படும்.

இரண்டாவது வசதி, திரையின் மேலிருந்து இழுத்தால் வைஃபை, டார்ச் பொத்தான்களோடு நிற்கும் விரைவு அமைப்புகள் பலகை. அங்கே செயலிக்கும் ஒரு டைல் வைக்கலாம். ஷார்ட்கட்டை அடைய முகப்புத் திரைக்குப் போயாக வேண்டும்; டைலுக்கு அது தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இருந்தாலும் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாலும், இழுத்துத் தட்டினால் செலவு எழுதும் படிவம் வந்து நிற்கும். இடம் அருமையானது என்பதால் அடிக்கடி நடக்கும் அந்த ஒரே வேலைக்கு மட்டும்தான் டைல். வெறுமனே செயலியைத் திறக்கும் டைலால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் டைல் தானாகப் பலகைக்கு வராது. பயனர் திருத்தும் பக்கத்துக்குப் போய் இழுத்து வைக்க வேண்டும். அப்படி ஒரு பக்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 13 முதல் செயலியே `requestAddTileService` மூலம் ‘சேர்க்கலாமா?’ என்று கேட்க முடியும். செயலியை நிறுவியவுடன் கேட்டால் மறுப்புதான் கிடைக்கும், திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் சிஸ்டம் அந்தக் கேள்வியைக் காட்டுவதையே நிறுத்திவிடும். சில செலவுகளை ஒருவர் எழுதி முடித்த பிறகு கேட்பதே முறை.

டைலின் ஐகான் ஒரே நிறத்தில், பின்னணி இல்லாமல் இருக்க வேண்டும். நிறத்தைச் சிஸ்டமே பூசிக்கொள்கிறது. பின்னணியோடு கூடிய வண்ண லோகோவைக் கொடுத்தால் பலகையில் வெறும் சதுரம்தான் தெரியும்.

பூட்டிய திரையிலும் இந்தப் பலகையை இழுக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டுச் செலவு விவரம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாதல்லவா? டைல் தட்டப்பட்டதும் `isLocked` என்று பார்த்து, பூட்டியிருந்தால் படிவத்தைத் திறக்கும் வேலையை `unlockAndRun` வசம் விட வேண்டும். அது முதலில் பூட்டைத் திறக்கச் சொல்லும், பிறகுதான் படிவத்தைக் காட்டும்.

படிவத்தைத் திறக்க `startActivityAndCollapse` பயன்படுகிறது. பழைய செயலிகள் அதற்கு ஓர் இன்டென்ட்டை நேரடியாகக் கொடுத்துவந்தன. ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காக வைத்துத் தொகுத்த செயலியில் அப்படிக் கொடுத்தால், ஆண்ட்ராய்டு 14 போனில் தட்டியவுடன் செயலி நின்றுவிடும். பெண்டிங் இன்டென்ட்டாகத்தான் கொடுக்க வேண்டும். பழைய போனில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை தென்படாது. அதனால் ஒரு பழைய போன், ஒரு புதிய போன் இரண்டிலும், பூட்டிய நிலையிலும் திறந்த நிலையிலும் டைலைத் தட்டிப் பார்த்துவிட்டே செயலியை வெளியிட வேண்டும்.