தகுதிகாண் பருவத்தில் பணிமுடிப்புக் கடிதம்

புதிதாகச் சேர்ந்தவரின் வேலை எதிர்பார்த்த தரத்தில் இல்லாவிட்டால், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அவரைப் பணியிலிருந்து விடுவிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த முடிவைத் தெரிவிக்கும் கடிதம் சுருக்கமாக இருப்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. வேலை சரியில்லை என்று விடுவிப்பது வேறு, குற்றம் சாட்டி நீக்குவது வேறு. குற்றம் சாட்டினால் குற்றப் பத்திரிகை கொடுத்து, விசாரணை நடத்தி, ஊழியர் பதில் சொல்லவும் வாய்ப்பளிக்க வேண்டும்.

இரண்டையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் கடிதத்தின் சொற்களில்தான் இருக்கிறது. பவனேந்திர நாராயண் வர்மா வழக்கில், 'பணியும் நடத்தையும் திருப்திகரமாக இல்லை' என்ற அளவிலான வாசகம் களங்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் கூறியது. அதற்கு முன், 1999இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில், கடிதம் சுட்டிக்காட்டும் பிற ஆவணங்களிலும் களங்கம் இருக்கலாம் என்று அது எச்சரித்திருந்தது. இவை அரசு சார்ந்த நிறுவனங்களில் எழுந்த வழக்குகள் என்றாலும், தனியார் நிறுவனங்களும் இந்த அளவுகோலை மனத்தில் வைத்து எழுதுவதே நல்லது.

கோயம்புத்தூரில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 6இல் சேர்ந்த உதவியாளருக்குத் தகுதிகாண் பருவம் ஆறு மாதம். பதினைந்து நாள் முன்னறிவிப்பு போதும் என்கிறது நியமனக் கடிதம். மாதாந்தரக் கணக்குகளில் தொடர்ந்து பிழை. மார்ச்சிலும் மே மாதத்திலும் எழுத்தில் சுட்டிக்காட்டியும் திருந்தவில்லை. ஜூன் 15இல் தரும் கடிதம் இப்படி அமையலாம்:

'6.1 தேதியிட்ட நியமனக் கடிதத்தின்படி தாங்கள் தகுதிகாண் பருவத்தில் பணியாற்றி வருகிறீர்கள். தங்கள் பணி, இப்பதவிக்குத் தேவையான தரத்தை எட்டவில்லை. எனவே அக்கடிதத்தின் நிபந்தனைப்படி 30.6 அலுவல் நேர முடிவில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அதுவரையிலான சம்பளமும் சேர வேண்டிய பிற தொகைகளும் வழங்கப்படும். தங்கள் உழைப்புக்கு நன்றி.'

'அக்கறையற்றவர்', 'நம்பத் தகாதவர்' போன்ற சொற்கள் இதில் இல்லை. மார்ச், மே குறிப்புகளையும் இது சுட்டவில்லை. அவை கோப்பில் இருந்தால் போதும். வழக்கு வந்தால் முடிவு திடீரென எடுக்கப்பட்டதல்ல என்பதற்கு அவையே சான்று. அந்தக் குறிப்புகள் இல்லாத நிறுவனத்தின் கடிதம் எவ்வளவு பண்பாக இருந்தாலும் வலுவற்றது.

தேதியும் முக்கியம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் விடுவிக்க முடியாது. அவர் தகுதிகாண் பருவத்தில் இருப்பதால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடாது. பருவத்தை நீட்டித்த நிறுவனங்கள் இதைக் கவனிக்காமல் பதினைந்து நாளில் அனுப்பிவிட்டு மாட்டிக்கொள்வது உண்டு.

உண்மையான காரணம் கையாடலாக இருந்தால் இந்தக் கடிதம் பயன்படாது. சொல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், முடிவுக்கு அடிப்படை குற்றச்சாட்டுதானா என்று நீதிமன்றம் கடிதத்தைத் தாண்டிப் பார்க்கும். அங்கே விசாரணைதான் வழி.