தீபாவளி ஆர்டருக்கு எத்தனை கை வேண்டும்?

கிடங்கில் ஆள் கணக்குப் போடுபவர் ஆர்டரை எண்ணுவதில்லை, பொருளை எண்ணுகிறார். ஒரே ஆர்டரில் ஒரு சோப்பும் இருக்கலாம், பத்துப் பொருளும் இருக்கலாம்.

ஒரு கிடங்கில் நாளைக்கு 18,900 பொருள் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனருடன் அலமாரிக்கு நடந்து, பொருளை எடுத்துக் கூடையில் போட 40 விநாடி, அதாவது மணிக்கு 90 பொருள். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, தேநீர் போக ஏழு மணி நேரம்தான் வேலை. ஆக ஒருவர் 630 எடுப்பார். 30 பேர் தேவை. பத்தில் ஒருவர் வராமல் போகலாம் என்பதால் பட்டியலில் 34 பேர் இருப்பார்கள்.

தீபாவளி நெருங்கும்போது 27,000 ஆகிறது. கூடுதல் 8,100 பொருளுக்கு 90 மணி நேர உழைப்பு வேண்டும். முப்பது பேரும் மூன்று மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் முடியும். ஆனால் சம்பளம் இரட்டிப்பு. புதிதாக ஆள் எடுத்தால்? இடம் தெரியாமல் பாதி வேகத்தில் எடுத்தால் 180 மணி நேரம் பிடிக்கும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்!

ஓவர்டைம் தொடர்ந்தால் களைப்பில் பொருள் மாறும். திரும்பி வரும் பெட்டிகளே அதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் புதியவர்களை முன்கூட்டியே சேர்த்துப் பழக்கிவிட்டு, ஓவர்டைமை உச்ச நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.