ராத்திரி ஒன்பதரைக்கு யார் டவுன்லோடு போட்டது?

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகளில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், மெஸ் நேரத்துக்கும் கேட் மூடும் நேரத்துக்கும் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘வைஃபையை அளவோடு பயன்படுத்தவும்.’ அந்த அளவு எவ்வளவு என்று அதில் இருக்காது. படிக்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்து அறைக்காக எழுதியது என்றே நினைத்துக்கொள்வார்கள். இரவு ஒன்பதரைக்கு நெட் இழுக்க ஆரம்பித்ததும் மாடிப்படியில் நின்று யாராவது, “யாருப்பா டவுன்லோடு போட்டு வெச்சிருக்கீங்க? நிறுத்துங்களேன்!” என்று குரல் கொடுப்பார். பதில் வராது. போட்டவருக்கே அது ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் இருப்பதும் உண்டு.

உருப்படியான அறிவிப்பு எழுத, முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் 48 பேர் தங்கும் ஒரு விடுதி, அங்கே 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 என்பது பிட் கணக்கு. ஃபைல்களை நாம் பைட் கணக்கில் அளப்பதால் எட்டால் வகுக்க வேண்டும், விநாடிக்கு 12.5 எம்பி வரும். 60 ஜிபி உள்ள ஒரு கேமை இறக்க, வேறு யாருமே நெட்டைத் தொடாவிட்டாலும் 80 நிமிடம் ஆகும். ஒன்பதரை மணிக்கு முப்பது பேர் வீடியோ பார்க்கும் நேரத்தில் அதைத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். அத்தனை நேரமும் மற்றவர்களுக்கு இடைஞ்சல்தான்.

வீடியோ பார்ப்பவர்கள் நெருக்கடியில் ஓரளவு தாங்கிக்கொள்வார்கள். நெட் குறைந்தால் படத்தின் தரத்தை ஆப் தானாகவே குறைத்துவிடும். டவுன்லோடு அப்படியில்லை, கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். டோரன்ட், கேம் செயலிகள் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால், ரேஷன் கடை வரிசையில் ஒருவரே பத்துப் பை வைத்து இடம்பிடித்த மாதிரி, அவற்றுக்குக் கூடுதல் பங்கு போய்விடும். இதில் அதிகம் அடிபடுவது வீடியோ கால். அதற்குத் தேவை இரண்டு மூன்று எம்பிபிஎஸ்தான், ஆனால் தாமதம் ஆகாது. குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள். அமெரிக்க ஷிப்டில் இருப்பவருக்கு அது வேலைநேர மீட்டிங்.

பலர் கவனிக்காமல் விடுவது அப்லோடு. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவரின் போன், விடுதி வைஃபையைப் பிடித்ததும் நானூறு போட்டோவையும் இருபது வீடியோவையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். மேலே போகும் வழி நிரம்பிவிட்டால் ரவுட்டரில் எல்லாருடைய தகவலும் வரிசையில் நிற்கும். அப்போது ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு வேகம் சுமாராகவே காட்டினாலும் காட்டும். கால் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு லேப்டாப் போதும். நெட் இழுக்கும் நேரத்தில் இந்த இரண்டையும் தட்டிப் பாருங்கள் (முதலில் உள்ளது ரவுட்டரின் முகவரி, சில ரவுட்டர்களில் அது வேறாக இருக்கும்):

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதலாவது சில மில்லி விநாடியில் பதில் தந்து, இரண்டாவது மட்டும் சில நூறு மில்லி விநாடி காட்டினால், வெளியே போகும் இணைப்பு நிரம்பியிருக்கிறது என்று பொருள். அதை நேரம் பிரித்துச் சரிசெய்யலாம். முதலாவதே தடுமாறினால் அந்த அறைக்கு வைஃபை ஒழுங்காக வரவில்லை. அதற்கு எந்த அறிவிப்பும் உதவாது. மாடியில் இன்னொரு கருவி வைக்க வேண்டும், அதுவும் கேபிள் இழுத்து.

இனி நேரம். பெரிய டவுன்லோடுக்கு நடுராத்திரிதான் நல்லது என்று பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் அது அவர்கள் தலையில்தான் விடியும். பாதிப் பேர் அலுவலகம் போய்விடும் பகல் நேரத்தை முதலில் வைப்பதே நியாயம் என்பது என் கருத்து. ராத்திரியைப் பாதி வேகத்தோடு தரலாம். 50 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் அந்த 60 ஜிபி 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்து அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

*தோழிகளுக்கு,*

*நம் விடுதியில் 48 பேருக்கும் சேர்த்து 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றுதான் இருக்கிறது. இரவு 7 முதல் 11 வரை அதில் கால், மீட்டிங், படிப்பு ஆகியவற்றுக்கே முதலிடம். 2 ஜிபிக்கு மேற்பட்ட எதையும் அப்போது இறக்கவோ ஏற்றவோ வேண்டாம். போட்டோ பேக்கப்பை அந்த நேரம் நிறுத்தி வையுங்கள். போனில் படம் பார்ப்பவர்கள் 480பி தரத்தில் பாருங்கள்.*

*பெரிய டவுன்லோடுக்கு ஏற்ற நேரம் காலை 10.30 முதல் மாலை 4 வரை. இரவு 1 முதல் 5.30 வரையும் போடலாம், ஆனால் செயலியில் வேகத்தைப் பாதியாக்கிவிட்டுப் போடுங்கள். நம்மில் சிலருக்கு அது வேலை நேரம்.*

*தேர்வு, அலுவலகம் என்று அவசரம் இருந்தால் விடுதி வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுச் செய்யுங்கள். யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. எந்தக் கருவி எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறோம்.*

பகலில் போடச் சொன்னால் ஒரு சிக்கல் வரும். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினால் அது தூங்கிப்போகும், மாலையில் வந்து பார்த்தால் டவுன்லோடு மூன்று சதவீதத்தில் நிற்கும். சார்ஜில் இருக்கும்போது தூங்காதபடி செட்டிங்கை மாற்றி, மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். மெத்தைமேல் வைத்தால் காற்றுப் போக வழியில்லாமல் கொதிக்கும். நடுவில் கரன்ட் போனாலும் கேம், டோரன்ட் செயலிகள் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசரில் போட்டது பல சமயம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

விடுதிக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ரவுட்டரில் `QoS` என்ற வசதி இருந்தால் மொத்த வேகத்தை 90 என்று அமைத்து, மாலையில் கருவிக்கு 15 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வைக்கலாம். அந்த வேகத்தில் 60 ஜிபி இறங்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்பதால் யாரும் மாலையில் தொடங்க நினைக்க மாட்டார்கள். இணைப்போடு இலவசமாகத் தரும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்காது, தனி ரவுட்டர் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மாத அளவு. ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் வீட்டு ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் விழும். 48 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 68 ஜிபி சொச்சம். தினம் இரண்டு மணி நேரம் 1080பி தரத்தில் படம் பார்ப்பவருக்கு மாதம் 135 ஜிபி வரை ஆகும். கேம் இறக்கியவரைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள், ஆனால் மாத அளவைக் கூடுதலாகத் தின்பது தினசரி வீடியோதான். 480பி-க்கு மாறினால் அது 30 ஜிபி அளவுக்கு இறங்கிவிடும், போன் திரையில் பெரிய வித்தியாசமும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து இணைப்பு நிறுவனத்தின் ஆப்பில் கணக்கைப் பாருங்கள். எல்லாரும் நேரத்தைக் கடைப்பிடித்தும் இருபதாம் தேதிக்குள் 3,300 தீர்ந்துபோகிறது என்றால், குடியிருப்பவர்கள்மேல் குறை சொல்ல இடமில்லை. அந்த விடுதிக்கு இரண்டாவது இணைப்பு தேவைப்படுகிறது. மாத வாடகையில் வைஃபைக்கும் சேர்த்து வாங்குபவர்தான் அதைப் போட்டுத் தர வேண்டும்.