தள்ளுபடி கொள்கையா, விதியா?

தீபாவளி விற்பனைக்கு ஒரு ஜவுளிக்கடை தயாராகிறது. எத்தனை பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுப்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முதலாளி கணக்குப் போடுகிறார். பண்டிகை முடிந்ததும் அந்தக் கணக்குக்கு வேலை இல்லை. வணிகவியலில் இது ஒருமுறைத் திட்டம். வாங்கிய துணியை மாற்றக் கேட்டு ஆள் வருவதோ தீபாவளிக்கும் உண்டு, ஆடிக்கும் உண்டு. அப்படித் திரும்பத் திரும்ப வரும் நிலைமைக்கு முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது நிலைத் திட்டம்.

'பட்ஜெட்டை வருடா வருடம் போடுகிறோமே, அது எப்படி ஒருமுறைத் திட்டம்?' என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் போடுவது புது பட்ஜெட். போன வருடத் தொகைகள் அந்த வருடத்தோடு காலாவதி. பட்ஜெட் தயாரிக்கும் நடைமுறைதான் நிலையாகத் தொடர்கிறது.

இதுவரை எளிது. மதிப்பெண் போவது கொள்கை, நடைமுறை, விதி, முறை ஆகிய நான்கையும் பிரிக்கச் சொல்லும்போதுதான்.

அதே கடையில் துணி மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். 'குறை நியாயமாக இருந்தால் மாற்றித் தருவோம்' என்பது கொள்கை. எது நியாயம் என்பதை மேற்பார்வையாளர் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். 'பில் இல்லாமல் மாற்றக் கூடாது' என்பது விதி. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, மீறினால் நடவடிக்கை. பில்லைப் பார்த்து, துணியைச் சோதித்து, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு மாற்றுத் துணியைக் கொடுத்து இருப்பில் பதிவது நடைமுறை. இங்கே வரிசைதான் உயிர். கையெழுத்துக்கு முன்பே துணி கைமாறினால் நடைமுறை பிசகிவிட்டது. அந்தப் படிகளில் ஒன்றான சோதனையை எப்படிச் செய்வது? துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெசவுக் குறை பார்ப்பது ஒரு முறை.

இனி வம்பான கேள்வி: 'விற்பனையாளர் 10 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம்.' எண்ணைப் பார்த்ததும் பலர் விதி என்று எழுதிவிடுகிறார்கள். யாருக்கு 3, யாருக்கு 8 என்பதை விற்பனையாளரே முடிவு செய்கிறார் என்பதால் இது கொள்கை. 10 என்பது அதன் எல்லை. அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் தனியாக வந்தால் விதி. 'துண்டுத் துணிக்கு 10 சதவீதம் கழிக்க வேண்டும்' என்றாலும் விதிதான், ஏனென்றால் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

இதே சோதனையைக் கடைப் பலகையிலும் வைத்துப் பார்க்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பதைக் கடைக்காரர் தன் பாலிசி என்றே சொல்வார். பாடப்படி அது விதி. 'மேலாளர் அனுமதித்தால் தவிர' என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தால், கவுன்ட்டரில் நிற்பவருக்கு அது விதியாகவே இருக்கும். மேலாளருக்கு மட்டும் யோசிக்க இடம் கிடைக்கும். அத்தகைய கேள்வியில் யாருடைய முடிவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.