13-இன் உச்சியும் 19-இன் அடியும்

1729-இன் கதையைப் பள்ளியில் கேட்காதவர்கள் குறைவு. லண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றுக் கிடந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஒரு டாக்சியில் போகிறார். வண்டியின் எண் 1729. சுவையில்லாத எண்ணாக இருக்கிறது என்று அவர் சொல்ல, இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்கிறார் ராமானுஜன். கதை வழக்கமாக அந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. "மிகச் சிறியது" என்று எப்படித் தெரியும்?

இரண்டு விதம் இருப்பதைச் சரிபார்ப்பது எளிது. 1-இன் கனம் 1, 12-இன் கனம் 1728, கூட்டினால் 1729. 9-இன் கனம் 729, 10-இன் கனம் 1000, கூட்டினாலும் 1729. இரண்டே கூட்டல், வேலை முடிந்தது. ஆனால் 1728 வரை உள்ள எந்த எண்ணுக்கும் இப்படி இரண்டு விதம் கிடையாது என்று சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் உழைப்பு வேண்டும். ஒன்று இருக்கிறது என்று காட்ட அதை எடுத்து நீட்டினால் போதும். இல்லை என்று காட்ட, இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் மூடியாக வேண்டும்.

முதலில் நேர்வழி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள கனங்களை எழுதிக்கொள்ளுங்கள்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728. பதின்மூன்றின் கனம் 2197. அது 1729-ஐத் தாண்டிவிடுவதால் நமக்கு வேண்டாம். இந்தப் பன்னிரண்டையும் இரண்டிரண்டாகக் கூட்டினால், ஓர் எண்ணை அதனோடேயே சேர்ப்பதையும் கணக்கில் கொண்டு, 78 கூட்டல்கள் வரும். எல்லாவற்றையும் செய்து, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திப் பார்த்தால், இரண்டு முறை வரும் முதல் எண் 1729. கட்டம் போட்ட தாளில் பொறுமையாகச் செய்தால் அரை மணி நேர வேலை. இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. நடுவில் 1729 இரண்டாம் முறை கண்ணில் பட்டதும் பேனாவை மூடிவிடக் கூடாது. மீதிக் கட்டங்களில் அதைவிடச் சிறிய ஜோடி ஒளிந்திருக்கலாம். 78-உம் முடிந்த பிறகுதான் "மிகச் சிறியது" என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமை வருகிறது.

இந்த வழியில் தவறில்லை. ஆனால் விடை மட்டும்தான் கைக்கு வரும், காரணம் வராது. காரணத்தையும் காட்டும் இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு சிறு உண்மை போதும்.

எந்த எண்ணையும் எடுத்து, அதன் கனத்திலிருந்து அந்த எண்ணையே கழித்துப் பாருங்கள். 2-க்கு 8 − 2 = 6. 3-க்கு 27 − 3 = 24. 4-க்கு 64 − 4 = 60. 5-க்கு 125 − 5 = 120. எல்லாம் ஆறால் மீதியின்றி வகுபடுகின்றன. இது எப்போதும் நடக்கும். n³ − n என்பதைப் பிரித்து எழுதினால் (n − 1) × n × (n + 1), அதாவது அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கம். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்றாவது இரட்டைப்படை எண்ணாக இருக்கும். ஒன்று மூன்றால் வகுபடும். ஆகவே பெருக்கம் ஆறால் வகுபட்டே தீரும். இதையே வேறு மாதிரி சொன்னால், ஓர் எண்ணை ஆறால் வகுத்தாலும் அதன் கனத்தை ஆறால் வகுத்தாலும் மீதி ஒன்றுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓர் எண்ணை இரண்டு விதமாக, ஒரு ஜோடியின் கனங்களாலும் இன்னொரு ஜோடியின் கனங்களாலும், எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனங்களின் கூட்டல் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆகவே, கனம் எடுக்காமல் அந்த எண்களையே கூட்டினாலும், இரண்டு கூட்டுத்தொகைகளும் ஆறால் வகுக்கும்போது ஒரே மீதியைத் தர வேண்டும். அதாவது, அவை ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது ஆறு வித்தியாசப்பட வேண்டும். 1729-இல் பாருங்கள்: 1 + 12 = 13, 9 + 10 = 19. வித்தியாசம் சரியாக ஆறு.

கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்க முடியுமா? முடியாது. கூட்டினால் 13 வரும் ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். நெருக்கமான ஜோடி 6, 7. கனங்களைக் கூட்டினால் 559. அடுத்து 5, 8, 637. பிறகு 4, 9, 793. 3, 10, 1027. 2, 11, 1339. கடைசியில் 1, 12; 1729. ஜோடி விலக விலக விடை ஏறிக்கொண்டே போகிறது. காரணம், பெரிய எண்ணில் ஒன்றைக் கூட்டும்போது கனத்தில் கிடைக்கும் லாபம், சிறிய எண்ணில் ஒன்றைக் குறைக்கும்போது வரும் நட்டத்தைவிட எப்போதும் அதிகம். 7-லிருந்து 8-க்குப் போனால் 169 கூடுகிறது. 6-லிருந்து 5-க்கு இறங்கினால் 91-தான் குறைகிறது. ஏறிக்கொண்டே போகும் வரிசையில் ஒரே எண் இரண்டு முறை வராது. ஆகவே, ஒரே கூட்டுத்தொகை உள்ள இரண்டு வேறு ஜோடிகள் ஒரே விடையைத் தரவே முடியாது.

இங்கிருந்து எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கூட்டினால் ஒரே எண் வரும் ஜோடிகளை ஒரு குழு என்று அழைப்போம். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அடி உண்டு, ஓர் உச்சி உண்டு. நடுவில் நெருக்கமாக இருக்கும் ஜோடி அடி; ஒன்றைக் கொண்ட ஜோடி உச்சி. 13-இன் குழுவுக்கு அடி 559, உச்சி 1729. நாம் தேடும் எண் இரண்டு குழுக்களில் இடம்பெற வேண்டும், அந்தக் குழுக்களுக்கு இடையே குறைந்தது ஆறு வித்தியாசம் இருக்க வேண்டும். அப்படியென்றால், கீழ்க்குழுவின் உச்சி மேல்குழுவின் அடியையாவது எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இருக்க வழியில்லை.

பரிசோதிப்போம். 8-இன் குழுவுக்கு உச்சி 1 + 343 = 344. ஆறு கூட்டினால் 14. அதன் அடி 7, 7 என்ற ஜோடி, 686. பாதி உயரம்தான் வந்திருக்கிறது என்று சொல்லலாம். 10-இன் உச்சி 730; 16-இன் அடி 1024. இடைவெளி கொஞ்சம் சுருங்குகிறது. 11-இன் உச்சி 1001. 17-இன் அடி 1241. 12-இன் உச்சி 1332. 18-இன் அடி 1458. இன்னும் எட்டவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. எட்டுக்குக் கீழே உள்ள குழுக்களில் பள்ளம் விகிதத்தில் இன்னும் பெரியது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு வரைக்கும் எந்தக் குழுவின் உச்சியும் தனக்கு ஆறு மேலே உள்ள குழுவின் அடியைத் தொடுவதில்லை. வித்தியாசம் பன்னிரண்டு, பதினெட்டு என இன்னும் தள்ளியிருக்கும் குழுக்களின் அடி இதைவிட உயரம் என்பதால் அவற்றைப் பற்றிய கவலையும் இல்லை.

அடுத்து 13. உச்சி 1 + 1728 = 1729. ஆறு மேலே 19; அதன் அடி 9, 10 என்ற ஜோடி, 729 + 1000 = 1729.

உச்சியும் அடியும் ஒரே புள்ளியில் தொடுகின்றன. நிரூபணமும் அதோடு முடிந்துவிட்டது. கீழ்க்குழு 13-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தாக வேண்டும் என்பதால், மேல்குழு 19-க்குக் குறையாது. 19-க்குக் குறையாத எந்தக் குழுவிலும் 1729-ஐவிடச் சிறிய எண் கிடையாது, ஏனென்றால் அதுவே அவற்றின் மிகத் தாழ்ந்த அடி. 78 கூட்டல்களுக்குப் பதிலாகச் சுமார் இரண்டு டஜன் எண்களில் வேலை முடிந்துவிட்டது; கூடவே 1729 ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதும் தெரிகிறது.

இதில் தற்செயல் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கிறது. 13-இல் உச்சி அடியை எட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் தாண்டாமல் துல்லியமாகத் தொட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடுத்த குழுவைப் பார்த்தால் இது புரியும். 14-இன் உச்சி 2198, 20-இன் அடி 2000. உச்சி தாராளமாக மேலே போய்விட்டது. ஆனால் 20-இன் குழுவில் 2000, 2060, 2240 என்று எண்கள் போகின்றன. 14-இன் குழுவில் 2198-க்கு முந்தையது 1736. எதுவும் எதோடும் பொருந்தவில்லை. 15, 16, 17-இலும் இதே கதை. எட்டுவது அவசியம், ஆனால் எட்டிவிட்டால் மட்டும் போதாது. 18-உம் 24-உம் வரும்போதுதான் மறுபடி ஒரு பொருத்தம்: 2, 16 ஜோடியும் 9, 15 ஜோடியும் 4104-ஐத் தருகின்றன. இந்த வகையில் இரண்டாவது எண் அதுதான்.

ராமானுஜன் இந்த வழியில்தான் கண்டார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய காலத்துக்கு வெகு முன்பே, 1657-இல், பிரெனிக்ல் த பெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் 1729-ஐக் குறித்துவைத்திருந்தார். ராமானுஜனும் படுக்கையில் கிடந்தபடி அந்த நொடியில் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டியதில்லை. தன் கடைசி ஆண்டில் இந்தியாவில் அவர் எழுதிய தாள்கள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. அவற்றில் 9³ + 10³ = 12³ + 1 என்ற வரி இருக்கிறது. கூடவே 135³ + 138³ = 172³ − 1 போன்றவையும் இருக்கின்றன. இரண்டு கனங்கள் கூடி மூன்றாவது கனமாக ஒருபோதும் ஆகாது. ஆனால் ஒன்றே ஒன்று தவறி எத்தனை நெருக்கம் வர முடியும் என்று அவர் தேடியிருக்கிறார். அந்தத் தேடலின் ஓர் எளிய வரியைத்தான் வேறு வாக்கியத்தில் ஹார்டி கேட்டார்.

நிபந்தனை ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் பேசியது பூஜ்ஜியத்துக்கு மேற்பட்ட முழு எண்களைப் பற்றி மட்டும். குறை எண்களையும் அனுமதித்தால் 91 போதும்: 64 + 27 என்றும் எழுதலாம், 216 − 125 என்றும் எழுதலாம். ஒன்றைக் கொண்ட ஜோடி உச்சியாக இருந்ததே, அந்தக் கூரை அப்போது பிய்ந்துபோகிறது; 13, 19 என்ற வாதம் அங்கே நிற்காது.

அன்று ஹார்டி இன்னொன்றும் கேட்டார். கனத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு என்றால் எது? சற்று யோசித்துவிட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படும் உதாரணம் எதுவும் இல்லை, இருந்தால் மிகப் பெரிய எண்ணாக இருக்கும் என்றார் ராமானுஜன். ஆய்லர் அதற்கு முன்பே ஒன்றைக் கண்டிருந்தார்: 635318657. அது 59⁴ + 158⁴, அதுவே 133⁴ + 134⁴. நம் கருவி இங்கே உதவாது. 2-இன் நான்காம் அடுக்கு 16; ஆறால் வகுத்தால் மீதி 4, ஆனால் 2-இன் மீதி 2. மீதிகள் பிரிந்துபோன உடனேயே, கூட்டுத்தொகைகள் ஆறு ஆறாகத் தள்ளியிருக்கும் என்று நாம் நம்பியிருந்த பிடி கைவிட்டுப் போகிறது.