சொல் தரையில் விழாதிருக்க: முதல் வாசக முன்னுரைக்கு ஒரு பயிற்சி



பொதுக்காலத்தின் 2ஆம் ஞாயிறன்று, இரண்டாம் ஆண்டு வாசகங்களில், சாமுவேலின் அழைத்தல் முதல் வாசகமாக வருகிறது (1 சாமுவேல் 3). ஒருமுறை அந்த ஞாயிறுத் திருப்பலி முடிந்து நாம் கோவில் வாசலில் நின்றிருந்தபோது, வழக்கமாகக் கடைசி வரிசையில் அமரும் ஒரு பாட்டி அருகில் வந்தார். "சாமி, கூப்பிட்டது ஆண்டவர்னு அந்தப் பையனுக்குத் தெரியும்னு முன்னுரையில வாசிச்சாங்களே. தெரிஞ்சும் ஏன் ஏலிகிட்ட ஓடினான்?" என்று கேட்டார்.

முன்னுரையில் எழுதியிருந்தது, "அறிந்திருக்கவில்லை" என்பதுதான். வாசித்த தம்பியும் அப்படியேதான் வாசித்தார். ஆனால் நீண்ட வாக்கியத்தின் முடிவில் அவருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. "அறிந்திருக்க" வரை வந்த குரல் "வில்லை"யில் அடங்கிவிட்டது. முன் வரிசைக்குக் கேட்டது. பின் வரிசைக்குக் கேட்கவில்லை. இறைவார்த்தையை விளக்க வந்த முன்னுரை, அதற்கு நேர்மாறான பொருளைத் தந்துவிட்டது.

இது அந்தத் தம்பியின் குறை மட்டுமல்ல. நமக்கும் நேர்ந்ததுதான். இம்மடலில் வெளிவரும் மறையுரைகளை வானொலிக்காக முதன்முதலில் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவாளர் பாதியில் நிறுத்தி, நம் குரலையே நமக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய எல்லா வாக்கியங்களின் கடைசிச் சொல்லும் தேய்ந்திருந்தது. அன்று கற்றுக்கொண்டதை வாசகர் குழுவினரோடு சேர்ந்து நாம் பயிற்சியாகச் செய்துவருகிறோம். பாட்டியைக் குழப்பிய அதே முன்னுரையை எடுத்துக்கொண்டு அதை விளக்குவோம்.

அந்த முன்னுரை இப்படி இருந்தது:

"கடவுளின் பேழை இருந்த திருக்கோவிலில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் ஏலி தன்னை அழைத்ததாக எண்ணி மூன்று முறை எழுந்து அவரிடம் ஓடிச்சென்றாலும் தன்னை அழைத்தவர் ஆண்டவரே என்பதை அவன் அப்போது அறிந்திருக்கவில்லை. குருவாகிய ஏலியின் வழிகாட்டுதலால் நான்காம் முறை ஆண்டவரின் குரலுக்குச் செவிமடுத்த சாமுவேலைப் போல நாமும் செவிமடுக்க இன்றைய முதல் வாசகம் நம்மை அழைக்கிறது."

முதல் வேலை, இதைக் கைபேசியில் பதிவு செய்வது. கைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு முழம் தள்ளி மேசைமேல் வையுங்கள். திருப்பலியில் நிற்பதுபோல நின்று, அதே குரலில் வாசியுங்கள். முணுமுணுத்துப் பதிவு செய்தால் மூச்சு எங்கே தீர்கிறது என்பது தெரியாது. தாளில் இப்போதைக்கு எந்தக் குறியும் இட வேண்டாம். நம் பழக்கம் எப்படி இருக்கிறதோ, அப்படியே அது பதிவாக வேண்டும்.

பதிவைக் கேட்டதும் பலர், "ஐயோ, இதுவா என் குரல்?" என்று உடனே அணைத்துவிடுகிறார்கள். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல், மண்டையோட்டு எலும்புகளின் அதிர்வு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அதனால் அது நமக்குச் சற்றுக் கனமாகக் கேட்கிறது. பதிவில் எலும்பின் வழி வரும் ஒலி இல்லை. மற்றவர்கள் என்றும் கேட்கும் குரல் அதுதான். அதை மாற்ற முயல வேண்டாம். மாற்ற முயன்றால் நாடகக் குரல் வந்துவிடும்.

பதிவை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை தாளைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்கள். தாள் கையில் இருந்தால் காது கேட்காததையும் கண் நிரப்பிவிடும். இரண்டாம் முறை பென்சிலோடு கேட்டு, தடுமாறிய இடங்களில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அந்தத் தம்பியின் தாளில் மூன்று புள்ளிகள் விழுந்தன.

முதல் புள்ளி "சாமுவேல் ஏலி" என்ற இடத்தில். எழுத்தில் இவை இரண்டு பெயர்கள். நிறுத்தாமல் வாசித்தபோது ஒரே ஆளின் பெயர்போலக் கேட்டது. இரண்டாம் புள்ளி "மூன்று முறை எழுந்து" என்பதற்கு நடுவே. அங்கே மூச்சு போதாமல், "முறை"க்குப் பிறகு அவர் அவசரமாகக் காற்றை இழுத்தது பதிவில் நன்றாகக் கேட்டது. மூன்றாம் புள்ளி, பாட்டியின் காதுக்கு எட்டாத "வில்லை".

இந்த மூன்றாவதுதான் நம் மொழியில் வாசிப்போர் மிகவும் கவனிக்க வேண்டியது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, செய்தவர் ஒருவரா பலரா, அவனா அவரா என்பதெல்லாம் அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. நம் நெஞ்சில் காற்று மிகக் குறைவாக இருப்பதும் அதே இடத்தில்தான். பொருள் முடியும் இடமும் மூச்சு முடியும் இடமும் ஒன்றாகிவிடுவதால், கேட்பவருக்கு மிகவும் வேண்டிய சொல்லே முதலில் தொலைந்துபோகிறது.

ஆகவே, குறியிடும் முன் வாக்கியத்தை உடைக்க வேண்டியிருந்தது. 23 சொற்கள் கொண்ட முதல் வாக்கியத்தை எந்தக் குறியாலும் காப்பாற்ற முடியாது. உடைத்து எழுதிய பிறகு நான்கு குறிகளை மட்டும் பயன்படுத்தினோம். ஒற்றைச் சாய்கோடு என்றால் சிறு நிறுத்தம். அங்கே மூச்சு வாங்கக் கூடாது. இரட்டைச் சாய்கோடு என்றால் நிறுத்தி, வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சு வாங்க வேண்டும். அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. அச்சில் அதைச் சதுர அடைப்புக்குள் தந்திருக்கிறோம். மேல்நோக்கிய அம்பு என்றால் கடைசி அசை வரை குரலை இறக்காமல் தாங்க வேண்டும்.

// சிறுவன் சாமுவேல் / திருக்கோவிலில் படுத்திருக்கிறான். // இரவில் ஒரு குரல் அவனை அழைக்கிறது. // சாமுவேல் / [ஏலிதான்] அழைத்தார் என்று எண்ணி, / அவரிடம் ஓடுகிறான். // மூன்று முறையும் அப்படியே. // அழைத்தவர் ஆண்டவர் என்பதை / அவன் இன்னும் [அறியவில்லை↑]. // நான்காம் முறை, / ஏலி சொல்லிக்கொடுத்தபடி, / அவன் [ஆண்டவருக்குச்] செவிகொடுக்கிறான். // அந்த நிகழ்வைக் கேட்போம்.

முதல் சொல்லுக்கு முன்பே ஓர் இரட்டைக் கோடு இருப்பதைப் பாருங்கள். ஒலிவாங்கியின் முன் வந்து நின்றதும், பதற்றத்தில் பலர் மூச்சு வாங்காமலே தொடங்குகிறார்கள். இரண்டாம் வாக்கியத்திலேயே திணறுகிறார்கள். அந்தக் கோடு, "முதலில் நின்று மூச்சு வாங்கு" என்று நினைவூட்டுகிறது.

"சாமுவேல்" என்பதற்குப் பின் வரும் ஒற்றைக் கோடு இரண்டு பெயர்களையும் பிரிக்கிறது. அங்கே மூச்சு வாங்கினால் நிறுத்தம் நீண்டு, ஓடுகிறவன் யார் என்பதைக் கேட்பவர் மறந்துவிடுவார். நாக்கு ஒரு நொடி நின்றால் போதும். "என்பதை" என்பதற்குப் பின் உள்ள கோடும் அப்படித்தான். ஆனால் "இன்னும்", "அறியவில்லை" ஆகிய இரண்டுக்கும் நடுவே கோடே இல்லை. வினைக்கு நேர் முன்னே நிறுத்துவது, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் இருப்பதுபோல.

ஏழு சிறு வாக்கியங்களில் மூன்றே சொற்களுக்குத்தான் அழுத்தம். ஏலி அல்ல, ஆண்டவர். சாமுவேல் அதை அறியவில்லை. முன்னுரையின் உயிர் இவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்களை அழுத்தினால் இரண்டுமே எடுபடாது. அழுத்தம் என்பது சத்தத்தை உயர்த்துவதும் அல்ல. அந்தச் சொல்லைச் சற்று நிதானமாக, முழுதாக உச்சரிப்பது. தமிழில் "தான்" என்ற ஒட்டே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பிறகு இரண்டாம் பதிவு. முதல் பதிவில் 40 சொற்கள் 22 வினாடியில் ஓடின. இப்போது 35 சொற்களுக்கு 30 வினாடி ஆனது. வாசித்த தம்பிக்கு அது மிக மெதுவாகத் தோன்றியது. கேட்ட எங்களுக்குச் சரியாக இருந்தது. வாசிப்பவருக்கு நிறுத்தங்கள் எப்போதும் உண்மையைவிட நீளமாகவே தோன்றும். அதனால்தான் நம் உணர்வை நம்பாமல் பதிவைக் கேட்கிறோம்.

வீட்டுப் பதிவு சொல்லாத ஒன்றும் உண்டு. பல கைபேசிகள் தாழ்ந்த குரலைத் தாமாகவே சற்று உயர்த்திப் பதிவு செய்கின்றன. அதனால் வீட்டில் தெளிவாகக் கேட்ட "வில்லை" கோவிலில் தொலையலாம். உயர்ந்த கூரையும் காங்கிரீட் சுவரும் உள்ள கோவிலில், முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. எனவே சனிக்கிழமை மாலை, கைபேசியைக் கடைசி இருக்கையில் வைத்துவிட்டு, ஒலிவாங்கியில் வாசித்து மூன்றாம் முறை பதிவு செய்கிறோம். எதிரொலி அடங்கும் முன் அடுத்த வாக்கியம் தொடங்கியிருந்தால், இரட்டைக் கோட்டில் இன்னும் சற்று நிற்க வேண்டும். கோவில் நிறைந்திருக்கும்போது எதிரொலி குறையும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சரியாக வந்துவிட்டதா என்பதை வாசித்தவரே முடிவு செய்ய முடியாது. முன்னுரையைப் படித்திராத ஒருவரிடம் அந்தப் பதிவை ஒரே முறை போட்டுக் காட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள்: அழைத்தது யார்? ஓடியது யார்? அவனுக்கு என்ன தெரியவில்லை? மூன்றுக்கும் பதில் வந்தால் தாள் ஆயத்தம். ஒன்றுக்குப் பதில் வராவிட்டால், அந்தச் சொல்லுக்கு முன் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். குறிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். தாள் முழுவதும் கோடுகள் இருந்தால், கண் கோடுகளை வாசிக்கும், சொற்களை வாசிக்காது.

திருப்பலி நூலின் தொடக்கத்திலுள்ள பொது நெறிமுறைகளின் 105ஆம் எண், விளக்கவுரை சொல்பவர் நன்கு தயாரித்து, சுருக்கமாகப் பேச வேண்டும் என்றும், மக்கள் பார்க்கும்படி நிற்க வேண்டும், ஆனால் வாசக மேடையில் நிற்கக் கூடாது என்றும் கூறுகிறது. அந்த மேடை இறைவார்த்தைக்கு உரியது. நம் முன்னுரை அதற்கு வழிவிட்டு விலகும் சொல். ஆகவே "கேட்போம்" என்று முடித்ததும், வாசகர் மேடைக்கு வரும்வரை அமைதி நிலவட்டும். அதுவும் நாம் குறிக்க வேண்டிய ஒரு நிறுத்தம்.

அடுத்த முறை அதே தம்பி இந்தத் தாளோடு வாசித்தார். பாட்டி அன்று ஒன்றும் கேட்கவில்லை, "ஏலிக்குக்கூட மூணாவது தடவைதான் புரிஞ்சுது, இல்ல சாமி?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முன்னுரையில் அது இல்லை. வாசகத்தைக் கேட்டு அவரே கண்டுகொண்டது அது.

அந்த வாசகத்தின் கடைசி வசனம், சாமுவேலின் சொற்களில் எதையும் ஆண்டவர் தரையில் விழவிடவில்லை என்கிறது. சொல்லுக்குப் பலன் தருவது அவர் வேலை. அது கடைசி வரிசை வரை போய்ச் சேரும்படி மூச்சைச் சேமித்து வைப்பது நம் வேலை. ஆமென்.