நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்

கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் ஓயாமல் ஓடினால், முதலில் மூடியைத் திறந்து நடுவில் நிற்கும் வழிவுக் குழாயைப் பார்க்க வேண்டும். நீர் அதன் வாய் வழியே வழிந்தால் குறை மிதவை வால்வில் இருக்கிறது. மிதவையைக் கையால் மேலே தூக்கும்போது வரத்து நின்றால் வால்வு நன்றாகவே உள்ளது, நீர்மட்டம்தான் அதிகம். திருகைச் சரிசெய்து, குழாயின் வாய்க்கு சுமார் 2 செ.மீ. கீழே நீர் நிற்கும்படி வைத்தால் போதும். தூக்கியும் நிற்காவிட்டால் வால்வின் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது உப்புநீர்ப் படிவு அதை மூடவிடாமல் தடுக்கும்.

வழிவுக் குழாயில் நீர் வழியாமலே டேங்க் அவ்வப்போது தானாக நிரம்பினால், அடியிலுள்ள ஃப்ளஷ் வால்வின் ரப்பர் சீல்தான் காரணம். இந்தக் கசிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. சுவரோரக் குழாயை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் சீலைக் கழற்றிப் பார்க்கலாம். விறைத்தோ உப்பியோ, விரலில் கறுப்பு ஒட்டும்படி நைந்தோ போன ரப்பரைக் கழுவிப் பயனில்லை. பழையதைக் கடைக்கு எடுத்துச்சென்று, அதே அளவில் புதியது வாங்கி மாட்டுங்கள்.